பொன்னிக்கு மழை பிடிக்கும்

செந்தாமரை அக்கா ஓய்வு பெற்ற பிறகு அவர் மேசையைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அடி இழுப்பறையில் புதுவயல் மையத்தின் பழைய வருகைப் பதிவேடு. ஓரத்தில் பென்சிலால் சில நாட்களுக்கு நேராக ‘ம’ என்று குறித்திருந்தார். ம என்றால் மழை.

காரைக்குடியில் எங்கள் தொண்டு நிறுவனம் அரிசி ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. நான் கணக்குப் பிரிவு. வருஷா வருஷம் நன்கொடையாளர்களுக்கு அக்கா எழுதும் பதிவில் வருகை, செலவு என்று என் பதினான்கு எண்களும் வந்தாக வேண்டுமென்று அடம்பிடிப்பேன். அப்படி அனுப்பிய மறுமாதம், பத்து வருஷமாகப் பணம் தரும் கண்டனூர் நாகவல்லி ஆச்சி சென்னையிலிருந்து கூப்பிட்டு, “நீங்க முதியோர் இல்லந்தானே நடத்துறீக?” என்றார். மானம் போயிற்று.

அடுத்த வருஷம் நிலைமை மோசம். நன்கொடை புதுப்பிக்கப்படாவிட்டால் புதுவயல் பக்கத்து மூன்று மையங்களிலும் கைக்குழந்தைகளுக்காக வகுப்பில் கட்டியிருந்த தொட்டிலை நிறுத்த வேண்டியதுதான். “எண்ணைக் குடுங்க தம்பி. ஆனா ஒண்ணே ஒண்ணு” என்றார் அக்கா. எனக்குக் கோபம். மீதி பதிமூன்றும் என்ன பாவம் செய்தன? வருகைக் கணக்கை மட்டும் கொடுத்தேன்.

அவர் தொட்டில் வருமுன் இருந்த பதிவேட்டைப் புரட்டி, ‘ம’ போட்ட நாட்களில் மட்டும் வந்திருந்த ஒரு சிறுமியைக் கண்டுபிடித்தார். பதிவை எழுதிக்கொண்டு நேரே ஆலைக் களத்துக்குப் போனார். நானும் போனேன். அவள் அம்மா காளியாயி நெல் கிளறிக்கொண்டிருந்தார். எழுதியதை அக்கா வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டார்.

“போடுங்கக்கா. பாவப்பட்ட புள்ளைன்னு மட்டும் எழுதிப்புடாதீக.”

அப்படி ஒரு வரி இருந்தது. அங்கேயே அடித்தார். பெயரை மாற்றினார். முகத்துக்குப் பதிலாகத் தொட்டிலைப் படமெடுத்தார். பதிவு இவ்வளவுதான்:

‘பொன்னிக்கு மழை பிடிக்கும். முன்பெல்லாம் அன்றைக்குத்தான் வகுப்புக்கு வர முடியும். வெயில் அடித்தால் அம்மா நெல் காயவைக்கப் போவார். பொன்னி தம்பியைப் பார்த்துக்கொள்வாள். போன வருஷம் நீங்கள் தந்த பணத்தில் வகுப்பிலேயே தொட்டில் கட்டி, பார்த்துக்கொள்ள ஆளும் வைத்தோம். பொன்னியைப் போல முப்பத்தொரு பேர். மாதம் சராசரி ஒன்பது நாள் வந்தவர்கள், இப்போது இருபத்தொரு நாள் வருகிறார்கள். தொட்டில் தொடர்ந்து ஆட உங்கள் உதவி வேண்டும். (பெயர் மாற்றப்பட்டுள்ளது.)’

என் மற்ற எண்கள் ஆண்டறிக்கைக்குப் போயின. தேவையான அளவு பணம் வந்தது, தொட்டில் நின்றுவிடவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது அது இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஐப்பசியில், நாகவல்லி ஆச்சி கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“இங்க நல்ல மழை ஆத்தா. அந்தப் பொன்னி இன்னிக்கு வந்துச்சா?”

அக்கா ஜன்னல் வழியே பார்த்தார். காரைக்குடியில் சாயங்காலத்திலும் சுள்ளென்று வெயில். புதுவயலிலிருந்து வந்திருந்த அன்றைய வருகைப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது.

“வந்துருக்கா ஆச்சி” என்றார். அழுதுகொண்டே சொன்னார்.