மீட்டர் காட்டிய இரண்டு வோல்ட்

மறைமலை நகர் ஸ்டேஷனில் இறங்கும்போது என் கைப்பையில் இரண்டு பேருடைய சான்றிதழ்களும் இருந்தன. ஒன்று என்னுடையது, இன்னொன்று அவளுடையது. "உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா, நான் எங்கயாவது தொலைச்சிடுவேன்" என்று தாம்பரத்திலேயே கொடுத்துவிட்டாள். அவள் எதையும் தொலைக்கிறவள் இல்லை. என் கையில் இருந்தால் அவளுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான்.

அவள் என்னிடம் டியூஷன் படித்த பெண். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் இரண்டு பேப்பரில் ஃபெயிலாகி வந்தவள். அதை முடித்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் சர்க்யூட் வேலை பார்த்தவள். பிள்ளைகள், மாமனாரின் படுக்கை என்று வேலையை விட்டேன். அதன்பின் சாப்பாட்டு மேஜையில் டியூஷன்தான் என் உத்தியோகம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்ற வெறி எனக்குள் இருந்தது. வெறி என்றுதான் சொல்ல வேண்டும், ஆசை என்றால் பொய்யாகிவிடும்.

கார் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பெஞ்சுகள் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி அது. ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அவளையும் நான்தான் கிளப்பினேன். உண்மையைச் சொன்னால், தனியாகப் போக பயமாக இருந்தது. அங்கே காலியாக இருந்தது ஒரே இடம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

எழுத்துத் தேர்வு எல்லாம் கிடையாது. பரிசோதனைக்கூடத்துப் பொறுப்பாளர், நரைத்த தாடி வைத்தவர், எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு கண்ட்ரோலர் போர்டு, ஒரு மீட்டர், சாமான்களைச் செருகிப் பார்க்க ஒரு பிரெட்போர்டு, ஒரு தட்டு நிறைய ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்.

"இந்தப் பின்ல ஃபைவ் வோல்ட் பல்ஸ் வருது. செகண்டுக்கு ஐந்நூறு தடவை. நாற்பது பர்சென்ட் நேரம் ஆன், மிச்சம் ஆஃப். எனக்கு இதிலேர்ந்து ஆடாம அசையாம ரெண்டு வோல்ட் வேணும். அதை அந்த வால்வைத் திறந்து மூடற டிரைவர் போர்டோட இன்புட்டுக்குக் குடுக்கணும். எப்படிப் பண்ணுவீங்கன்னு நீங்களே பார்த்துக்குங்க" என்றார். அலைவடிவத்தைப் பார்க்கும் ஆஸிலோஸ்கோப் அவர் மேஜையில் இருந்தது. "அது கடைசியில்" என்றார்.

இந்தப் பாடத்தை நான் எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன்! மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறதே, ஏன்? நடுவில் தொட்டி இருக்கிறது. கெப்பாசிட்டர்தான் தொட்டி, ரெசிஸ்டர் அதற்குப் போகிற பைப். தொட்டி சின்னதென்றால் மட்டம் ஏறி இறங்கும். பெரிதென்றால் சீராக நிற்கும், ஆனால் நிரம்ப நேரம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு டக்கென்று பிடிபடும்.

அன்றைக்கு அதையெல்லாம் செய்வதற்கு முன் நான் செய்தது, மீட்டரை எடுத்து நேராக அந்தப் பின்னில் வைத்ததுதான். இரண்டு வோல்ட் காட்டியது. ஆடவில்லை, அசையவில்லை. தட்டிலிருந்து ஒரு சாமானையும் தொடாமலே கேட்ட விடை வந்து நிற்கிறது. என் புத்தி எங்கே போனது பாருங்கள். போர்டுக்குள்ளேயே பல்ஸைச் சீராக்கும் ஃபில்டர் வைத்திருக்கிறார்கள், தட்டு வைத்திருப்பது நம்மை ஏமாற்ற என்று நினைத்தேன். மற்றவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு சர்க்யூட் போடுவார்கள், நாம் மட்டும் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மிதப்பு. அதிமேதாவித்தனத்துக்கு அளவே இல்லை.

பக்கத்து மேஜையில் அவள் ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் எடுத்துப் பிரெட்போர்டில் செருகியிருந்தாள். செருகிவிட்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தாள். வீட்டு மேஜையில் ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் அப்படித்தான் பார்ப்பாள். நான் என் மீட்டரைக் கண்ணால் காட்டினேன். பிறகு வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினேன். பொறுப்பாளர் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. செருகியதைப் பிடுங்கித் தட்டிலேயே போட்டுவிட்டு, ஒயரை நேராகப் பின்னுக்குக் கொடுத்தாள்.

அவர் வந்தார். முதலில் என் மேஜை. டிரைவரின் இன்புட்டில் ஒயரைச் சொருகினதும் அதன் சின்னத் திரையில் எண்கள் தாறுமாறாகக் குதித்தன. ஐந்து என்றது, பூஜ்யம் என்றது, மறுபடி ஐந்து. அவர் ஆஸிலோஸ்கோப் முனையால் அந்தப் பின்னைத் தொட்டுக் காட்டினார். கோட்டைச் சுவர் மாதிரி சதுரம் சதுரமாக அலை நின்றது. அதில் இரண்டு வோல்ட் என்பது எங்குமே இல்லை. இருந்தது ஐந்தும் பூஜ்யமும்தான்.

"மேடம், மீட்டர் ஸ்லோ. அது சராசரியைத்தான் காட்டும். டிரைவர் வேகமாப் படிக்கிற சாமான், அந்தந்த நொடியில என்ன இருக்கோ அதைத்தான் எடுத்துக்கும்" என்றார். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும். வீட்டில் என்னிடம் இருப்பதும் மீட்டர் ஒன்றுதான். அது காட்டுவதே வேதம் என்று இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன்.

அடுத்த மேஜையிலும் அதே ஒயர், அதே தப்பு. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்படி ரெண்டு பேரும் ஒரே மாதிரி? யாரைப் பார்த்து யார் பண்ணது?"

"நான்தான் சார் மேடத்தைப் பார்த்துப் பண்ணிட்டேன்" என்றாள் அவள்.

அக்கா என்று சொல்லவில்லை, மேடம் என்றாள். எங்களுக்குள் பழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியக் கூடாது என்று எனக்காக யோசித்திருக்கிறாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்துப் போடறவங்க இங்க வேண்டாம்மா. நீ கிளம்பலாம்" என்றார் அவர். என்னிடம் திரும்பி, "நீங்க ரொம்ப நாள் கேப் எடுத்திருக்கீங்க. ஒரு சான்ஸ் தரேன், மறுபடி போடுங்க" என்றார். அவள் தன் சான்றிதழைக்கூடக் கேட்காமல் எழுந்து போனாள். அது என் பையில்தான் இருந்தது.

நான் மறுபடி போட்டேன். முதலில் பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரும் பத்து மைக்ரோ கெப்பாசிட்டரும். ஸ்கோப்பில் சதுரம் மறைந்து கோடு நேரானது, மீட்டரில் இரண்டு. ஆனால் டிரைவரைச் சேர்த்ததும் ஒன்று புள்ளி மூன்றுக்கு இறங்கிவிட்டது. டிரைவரின் இன்புட்டும் கரண்ட் குடிக்கும், அதன் எதிர்ப்பு இருபது கிலோ ஓம். பைப் ஒல்லியாக இருந்தால், கீழே குழாயைத் திறந்ததும் தொட்டியில் மட்டம் இறங்கத்தானே செய்யும்? ரெசிஸ்டரை ஒரு கிலோ ஓமுக்குக் குறைத்து, கெப்பாசிட்டரை நூறு மைக்ரோவுக்கு ஏற்றினேன். பெருக்கினால் அதே நேரம்தான், அரை நொடியில் நிலைக்கு வந்துவிடும். இப்போது ஒன்று புள்ளி ஒன்பது வந்தது. போர்டில் இருந்த குமிழைத் திருகி, பல்ஸ் ஆன் நேரத்தை நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டு பர்சென்டாக ஏற்றினேன். திரையில் இரண்டு வந்து அப்படியே நின்றது.

"குட்" என்றார் அவர். "ஹெச்.ஆர்.ல பேசிட்டுச் சொல்றேன். வெயிட் பண்ணுங்க." எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்தச் சந்தோஷத்தில் அவள் நினைவு ஒரு ஓரத்தில்கூட இல்லை.

காத்திருக்க வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் அவள் நின்றிருந்தாள். போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். "சேர்ந்து வந்தோம், சேர்ந்தே போலாம்க்கா" என்றாள். பிறகு ஆவலாகக் கேட்டாள், "கடைசியில என்ன வேல்யூ போட்டீங்க?"

"ஒரு கிலோ ஓம், நூறு மைக்ரோ."

அவள் முகம் மலர்ந்தது. "நான் முதல்ல எடுத்ததும் அதுதான்க்கா. இன்புட் லோட் இழுக்கும்னுதான் சின்ன ரெசிஸ்டரா எடுத்தேன். அப்புறம் நீங்க வேணாம்னீங்க. அக்காவுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போவுதுன்னு புடுங்கிட்டேன்."

குத்திக்காட்டவில்லை. தன் விடை சரி என்ற மகிழ்ச்சியை என்னிடம் பகிர்ந்துகொண்டாள், அவ்வளவுதான். எனக்குச் செத்துப் போய்விடலாம் போல் இருந்தது.

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "வேணாம்க்கா, உங்களுக்குக் கெடுதலாயிடும்" என்று அவள் முனகிக்கொண்டே வந்தாள். பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். என் மாணவி என்றேன். சரியாகப் போட்டிருந்தாள், தலையாட்டி எடுக்க வைத்தது நான் என்றேன். சொல்லும்போதே, இதனால் எனக்கு வேலை போய்விடுமா என்றும் ஒரு மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மனத்தை என்ன செய்வது?

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் அவர். பிறகு அவளைப் பார்த்து, "உட்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கையைத் தட்டுக்கு நீட்டியவள், எடுப்பதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளைத் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். என்னிடம், "போன் பண்றோம் மேடம்" என்றார்கள். அதற்கு அர்த்தம் தெரியாத வயதா எனக்கு?

ரயிலில் அவள் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடுவாஞ்சேரி தாண்டியதும் அவள் அம்மாவின் போன் வந்தது. அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவர், வேலை நடுவில் கூப்பிட்டிருக்கிறார். "இன்னும் ஒண்ணும் தெரியலம்மா, வூட்டாண்ட வந்து சொல்றேன்" என்றாள் இவள், என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். "டியூஷன் அக்கா பேசறேன், உங்க பொண்ணுக்கு வேலை கெடைச்சிடுச்சு" என்றேன்.

அழுகையும் சிரிப்புமாக அவள் அம்மாவின் குரல் வந்தது. "நீ இல்லாங்காட்டி அது ஏதுக்கா? எங்க அக்கா இன்னா சொன்னாலும் கரீட்டாத்தான் இருக்கும்னு எம் பொண்ணு சொல்லிக்கினே இருக்கும். எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான்."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு, பையைத் திறந்து அவளுடைய சான்றிதழைத் தேடி எடுத்தேன்.