Z நேரத்துக்கு ஐந்தரை கூட்டவேண்டும்

அனலைதீவு மீனவர் சங்கத்தில் இருபத்தாறு வருடமும் நான்கு மாதமும் செயலாளராக இருந்தவர் சில்வெஸ்ரர். கடலில் நடக்கவிருந்த கடற்படைச் சூட்டுப் பயிற்சியின் அறிவித்தலை அவர் எழுத்தெழுத்தாக வாசித்தார்: 120030Z MAR முதல் 120630Z MAR வரை.

“பன்ரெண்டாந் திகதி ஆறரைக்கு முடியுதெல்லோ? ஏழுக்கு வெளிக்கிடுறன் அண்ணை,” என்றான் அன்ரனிதாஸ், படகில் வலையை ஏற்றியபடி.

“குண்டுக்கு வலை போடப்போறீரோ? முதல் ரெண்டு இலக்கம் திகதி, அது சரி; மிச்சம் நாலும் நேரம். ஆனால் Z எண்டால் கிறீனிச் நேரம். எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டும்.”

அன்ரனிதாஸ் விரல்விட்டு எண்ணினான். காலை ஆறுக்குத் தொடங்கி நண்பகல் பன்னிரண்டுக்குத்தான் முடிகிறது.

“அப்ப மத்தியானம் வரைக்கும் கரையிலயோ?”

“ஓம்.”

மார்ச் பன்னிரண்டு காலை ஏழேகாலுக்கு மேற்கே வெடிச்சத்தம் கேட்டது. அன்ரனிதாஸ் கரையில் இருந்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.