அஞ்சாம் நம்பர் ராசி

வடகரப்பதிப் பக்கம் பூபதிராஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. தென்னந்தோப்பு, கறவை மாடு, வாய்நிறையப் பேச்சு, எல்லாம் உள்ள மனுஷன். கொஞ்சம் குள்ளம். அதை அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் அந்தப்பக்கம் நகர்ந்ததும் சொல்லாமல் இருக்கவும் மாட்டார்கள்.

இளவட்டத்தில் போலீஸ் வேலைக்குப் போனார். ஓட்டத்துக்காக வாய்க்கால் மேட்டில் மாதக்கணக்கில் மூச்சிறைக்கப் பழகியவரை அங்கே ஓடவே விடவில்லை. முதல் வேலையாக அளவுகோலுக்கு அடியில் நிறுத்தினார்கள். அளந்தவர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றையிலிருந்து கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் பூபதிராஜா படியேறி நிற்பார், இல்லையென்றால் நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொள்வார். குள்ளமாய்ப் பிறந்தது அவர் தப்பில்லை. அதற்காகப் பின்னால் செய்ததெல்லாம் அவர் தப்புதான். பூசி மெழுக எனக்கு மனசில்லை.

மாமன் மகள் ஜீவிதாவைக் கட்டினார். மகள் கௌசிகா பிறந்தாள். நடக்கப் பழகுவதற்குள் குழந்தை வெளிறிப் போக, சோதித்துப் பார்த்து தலசீமியா என்றார்கள். உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரியாக உண்டாக்கிக்கொள்ளாத வியாதி. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று ஒளிந்திருந்த குறை பிள்ளையிடம் முழுசாகச் சேர்ந்துவிட்டது. மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றத் தினமும் மாத்திரை. இதெல்லாம் பாலக்காட்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே நடக்கும். ஆனால் அங்கே போனால் சொந்தக்காரர் யாராவது கண்ணில் படுவார்கள். அவர் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. குடும்பத்தில் ரத்த வியாதி என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது? பொள்ளாச்சி தாண்டி யாருக்கும் தெரியாத ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனார். கேட்டவர்களிடம் பல் டாக்டர் என்றார். அந்த வட்டாரத்திலேயே அதிகம் வைத்தியம் பார்த்த பல் கௌசிகாவுடையதுதான்.

தங்கைக்குக் கல்யாணமாகி அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகும் பொய் நிற்கவில்லை. தூரத்து ஆஸ்பத்திரி என்பதால் தோப்பில் தேங்காய் வெட்டு வந்தால் ஒரு வாரம் தள்ளும். விருந்தாளி வந்தால் இன்னொரு வாரம் தள்ளும். பிள்ளை ரொம்பச் சோர்ந்தபிறகுதான் வண்டி எடுப்பார். கௌசிகாவுக்கு இப்போது பதினொரு வயது. பள்ளி வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவள் அவள்தான், மூன்றாம் வகுப்புப் பிள்ளை வழிதவறி வந்து நிற்பதுபோல. பார்க்கிறவர்கள் அப்பனைப் பார்த்துவிட்டு, "அது சரி, வித்து அப்படி" என்பார்கள். அந்தப் பேச்சு பூபதிராஜாவுக்குக் குத்தியது. ஆனால் நிஜக் காரணத்தை மறைக்க அது வசதியாகவும் இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கும் இந்த வியாதி வந்துவிடக் கூடாது என்று ஜீவிதா பிடிவாதமாக நின்றாள். பாலக்காட்டில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் கருக்களை வெளியே உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் சில செல்களை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். எந்தக் கருவுக்குக் குறை போயிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அப்பா, அம்மா, கௌசிகா மூவரின் ரத்தமும் அந்தச் சோதனையில் சேர்ந்தது. ஐந்து கருக்களில் இரண்டுக்கு வியாதி. ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண் போட்ட மூன்றும் தப்பின. அவற்றில் இரண்டாம் எண் நன்றாக வளர்ந்திருக்கிறது, அதையே கருப்பையில் வைக்கலாம் என்றார் டாக்டர்.

அங்கேதான் பூபதிராஜாவுக்குப் புத்தி பிசகியது. ஜீவிதாவின் அண்ணன் சிவப்பிரகாஷ் அமெரிக்காவில் இருக்கிறான். சோதனையின் மூலத் தரவை வாங்கி அனுப்பினால், எந்தக் கரு உயரமாக வளரும் என்று மதிப்பெண் போட்டுத் தர அங்கே கம்பெனி இருக்கிறது என்றான். நம்முடைய சோதனைதானே என்று மருத்துவமனையில் எழுதிக் கேட்டுத் தரவை வாங்கி அனுப்பினார். அறிக்கை செல்போனுக்கு வந்தது. எல்லாம் இங்கிலீஷ். அதை அவர் திறந்தே பார்க்கவில்லை, கூடவே வந்த குரல் செய்தி போதுமாக இருந்தது.

"மாப்ளே, மூணுல அஞ்சாம் நம்பர்தான் டாப்பு. அதையே வெக்கச் சொல்லுங்க."

உயரத்துக்காக என்று சொல்ல வாய் வருமா? ஜோசியர் சொன்னார், எங்கள் குடும்பத்துக்கு அஞ்சுதான் ராசி, அஞ்சையே வையுங்கள் என்று டாக்டரிடம் சொன்னார். மனைவியிடமும் அதையேதான் சொன்னார்.

மருத்துவமனை பதறிப்போனது. மூலத் தரவை வாங்கிப்போன ஆள் திரும்பி வந்து ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் என்ன நினைப்பார்கள்? ஆணா பெண்ணா என்று எங்கேயோ பார்த்துவிட்டார், ஆண் கருவைக் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அது சட்டப்படி பெரிய குற்றம். மரபணு ஆலோசகர் நிமி இருவரையும் அறைக்கு வரச்சொன்னார். கௌசிகாவை வெளியே மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டார் நிமி. ஜீவிதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை வேண்டாமென்று செய்தாரோ என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. அதை மட்டும் பூபதிராஜாவால் தாங்க முடியவில்லை.

"சத்தியமா அது இல்லீங்க. உசரத்துக்குத்தானுங்க பாத்தேன்" என்று செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். பெரிய பழியிலிருந்து தப்பச் சின்னப் பழியை ஒத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார், பாவம்.

நிமி அறிக்கையைப் படித்தார். சட்டம் அனுமதிப்பது வியாதிக்கான சோதனையை மட்டும்தான், உயரத்துக்காகக் கருவைப் பொறுக்க இந்த மருத்துவமனை உடன்படாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். உயரம் என்பது தலசீமியாபோல ஒரு மரபணுவின் காரியமில்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் துளித்துளியாகச் சிதறிக்கிடப்பதைக் கூட்டிப் போட்ட கணக்கு இது. இந்தக் கணக்குப்படியே இரண்டாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் வித்தியாசம் ஒரு விரற்கடைதான். ஆனால் கணக்கு பிசகினால் இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் பிசகும். ஐந்தாம் எண் பிள்ளை இரண்டாம் எண்ணைவிடக் குள்ளமாக வளர்ந்தால் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்து மனிதர்களை வைத்துப் போட்ட கணக்கு, நம்மவர்களுக்கு இன்னும் தேய்ந்துதான் பலிக்கும். உயரத்தைக் கூட்டும் மரபணுக்கள் உடம்பில் வேறு எதையெல்லாம் தொடும் என்பதும் முழுசாகத் தெரியாது. இதை நம்பி நன்றாக வளர்ந்த கருவை ஒதுக்கினால், கர்ப்பம் தங்கும் வாய்ப்புத்தான் குறையும்.

ஜீவிதா மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அஞ்சாம் நம்பரும் குள்ளமாவே வளந்துச்சுன்னா அதைய என்னுங்க பண்ணுவீங்க? அதுக்கும் ஒரு ஆஸ்பத்திரி தேடுவீங்களா?"

பூபதிராஜா மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நிமி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். முகம் மாறியது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. ஜீவிதா விடவில்லை, சொல்லுங்கள் என்றாள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்த மகளின் ரத்தத்துக்கும் அந்தக் கம்பெனி மதிப்பெண் போட்டிருந்தது. ஐந்து கருக்களையும்விட அதிகம். பட்டியலில் முதலில் நின்றவள் கௌசிகா.

அந்தக் கணத்தில் பூபதிராஜா செய்ததை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஒரு விரற்கடைக்காகப் பத்து நாளாய் வேதவாக்கு என்று நம்பிய அறிக்கையை ஒரு நொடியில் கைவிட்டார். "நீங்கதானுங்க சொன்னீங்க, இதெல்லாம் பிசகற கணக்குன்னு" என்றார்.

ஆமாம் என்றார் நிமி. இவள் உயரமாக வளர்ந்திருப்பாள் என்று இதை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வளராமல் போனதற்குக் காரணம் தேட இந்த அறிக்கையே தேவையில்லை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்தாலே போதும், ஒவ்வொரு முறையும் ரத்தம் ஏற்ற வரும்போது ஒன்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், இந்தப் பிள்ளைக்கு ஆறாகத்தான் இருந்திருக்கிறது. வருஷக்கணக்காக. அப்படியிருந்தால் எலும்பு எதை வைத்து வளரும்? இனியாவது நாள் தவறாமல் ஏற்றி, மாத்திரையும் ஒழுங்காகக் கொடுத்தால் கொஞ்சம் எட்டிப் பிடிக்கலாம், எவ்வளவு என்று ரத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் பூபதிராஜாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உடம்பெல்லாம் குன்றிப்போனது அவருக்கு. போலீஸ் மைதானத்தில் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கே அவரிடம் இல்லாததைக் கேட்டார்கள். இங்கே மகளிடம் இருந்ததை அவரே கொண்டுபோய்த் தொலைத்திருக்கலாம். இருந்ததா இல்லையா என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. அதுதான் அவரைத் தின்றது.

வெளியே மீன் பார்த்துச் சலித்துப்போன கௌசிகா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். விளையாடுவதற்கு மேசைமேல் கிடந்த செல்போனை எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் தன் பெயரைப் பார்த்துவிட்டாள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை, தடங்கல் இல்லாமல் படித்தாள்.

"அப்பா, உசரத்துல நாந்தான் ஃபர்ஸ்ட்டுனு போட்டிருக்குது" என்றாள். முகமெல்லாம் பூரித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் உயரத்தைப் பற்றி அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அப்புறம் யோசித்தாள். "அப்புறம் ஏனுங்கப்பா நா இப்படி இருக்கறேன்?"

நிமி வாய் திறந்தார். அந்தக் கணக்கு பிசகும், அது நிச்சயமில்லை என்று பிள்ளைக்குச் சொல்லித் தகப்பனைக் காப்பாற்ற அவர் தயாராகத்தான் இருந்தார். ஜீவிதா புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூபதிராஜா நாற்காலியை விட்டு இறங்கி மகள் முன்னால் மண்டியிட்டார்.

"நேரத்துக்கு உனக்கு ரத்தம் ஏத்தோணும் சாமி. நாலு பேருக்குத் தெரிஞ்சிருமேன்னு நாந்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன்" என்றார். "அப்பாவுக்கு வெக்கமா இருந்துச்சு."

கௌசிகா செல்போனைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

"என்னையப் பாத்து வெக்கமுங்களாப்பா?" என்று கேட்டாள்.