ஊர் எழுதாத சுவர்

ஹெப்ரானிடம் நாலாயிரத்துச் சொச்சம் வானங்கள் இருந்தன. சுவர், பாறை, ஆற்றுமணல், துருப்பிடித்த தகரம், மரப்பட்டை என்று இன்னொரு ஏழாயிரம். எல்லாம் அவனே எடுத்த படங்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, கல்யாண ஆல்பத்துக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் படத்தோடு படத்தை ஒட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு.

முதலில் அவனும் மற்றவர்களைப் போல இணையத்திலிருந்துதான் வானம் எடுத்தான். ஒரே தெருவில் இரண்டு கல்யாணம் நடந்து, இரண்டு ஆல்பத்திலும் ஒரே மேகம் ஒரே இடத்தில் மிதந்தபோது அவனுக்கு மானம் போயிற்று. மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். அது நடந்து ஆறு வருடம்.

வானம் எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே எடுப்பான். மேகத்தின் வெள்ளை வெந்துபோனால் பிறகு மீட்க முடியாது. அடியில் ஒரு விரற்கடை அளவு தொடுவானத்தை விட்டுவைப்பான்; கேமரா எந்த உயரத்தில் பார்த்தது என்பதை அதுதான் சொல்லும். சுவர் என்றால் கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடில் நிறுத்துவான். சொரசொரப்பு வேண்டுமானால் வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரம். நிறம் மட்டும் போதுமானால் முழு நிழல். ஒவ்வொரு இடத்திலும் முதல் படம் ஒரே மாதிரி இருக்கும்: தள்ளி நின்று முழுச் சுவரையும் சுற்றுப்புறத்தோடு எடுப்பான். சுவரோரம் யாராவது ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து நிற்க வேண்டும். அட்டை கணினியில் சரியான சாம்பலாகத் தெரிந்தால் சுவரின் நிறமும் சரி. அந்தப் படத்துக்கு எண் சைபர். அதை யாருக்கும் கொடுப்பதில்லை, அழிப்பதும் இல்லை.

பிறகு பெயர் வைப்பான். சூரியன் இடமா வலமா, எத்தனை உயரம், எந்த லென்ஸ், என்ன பரப்பு. ஊர் மட்டும் எழுதமாட்டான்.

"எங்க எடுத்ததுன்னு போடலியா?" என்று அவன் மனைவி ஸ்டெபி ஆரம்பத்திலேயே கேட்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எதற்கும் தலைப்பும் தேதியும் வேண்டும் அவளுக்கு.

"வானத்துக்கு ஊரு எதுக்குட்டி? வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும்."

"வானத்துக்கு வேண்டாம். சுவத்துக்கு?"

"சுவரு சுவருதான்."

எல்லாப் படத்துக்கும் மூன்று பிரதி இருந்தது. மூன்றாவதை அவள்தான் வைத்திருந்தாள். ஒன்று கணினியில், ஒன்று மேசைமேல் இருக்கும் டிஸ்கில், இன்னொன்று பள்ளிக்கூடத்தில் அவளுடைய பூட்டிய அலமாரியில். அறை தீப்பிடித்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஒரு புதன்கிழமை ஃப்ளெக்ஸ் கடை ரிச்சர்ட் ஒரு முகத்தை அனுப்பினான். பாபநாசம் என்று ஒருவன், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வாழைக்காய் வியாபாரி. வெட்டுப்பட்டுச் செத்தவன். நாற்பத்தொன்றாம் நாளுக்குப் பேனர். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது. ஹெப்ரான் இடப்பக்க வெளிச்சமுள்ள வானங்களைத் தேடி ஒரு அந்தி மேகத்தை எடுத்தான். கீழ்ப்பாதிக்கு ஒரு சுவர் வேண்டும். 'துரு, ஒழுகல், இடஒளி' என்று தேடியதும் பதினான்காம் எண் வந்தது: காரை பெயர்ந்த சுவர், மூன்று கிளையாகப் பிரியும் வெடிப்பு, மேலிருந்து வழிந்த துருக்கறை. அதை முகத்துக்குப் பின்னால், படத்தைக் கருக்கிக் கலக்கும் மல்டிப்ளையில் வைத்தான். சுவர் இருண்டு அழுத்தமானது. மேலே அந்தியின் செம்மஞ்சளைப் பூசியதும் துரு சிவந்தது. நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை விடிய பேனர் ஏறியது. பத்தரை மணிக்கு அறைக்கதவு உதைபட்டுத் திறந்தது.

முன்னால் வந்தவன் மணிராஜ், செத்தவனின் தம்பி. பின்னால் மகேஷ், அவர்கள் மாமன் மகன். மணிராஜ் கையில் அரிவாள். ஹெப்ரான் எழுவதற்குள் அரிவாளின் பின்பக்கம் அவன் வலக்கை விரல்கள்மேல் இறங்கியது. மேசையில் ஏதோ சுள்ளி முறிந்ததுபோலச் சத்தம் கேட்டது. அது தன் விரல்தான் என்று ஒரு கணம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"ஏலே, எவன் காசு குடுத்தான்? எங்க அண்ணன் ரத்தம் வழிஞ்ச சுவத்த அவன் முதுகுக்குப் பின்னாலயே வச்சிருக்கியே, எவன் சொன்னான்?"

"அண்ணாச்சி, எந்தச் சுவரு... எனக்கு ஒண்ணும்..."

"ஆத்துப்பாதை மில்லு சுவரு. மூணா பொளந்திருக்கும். அங்கன சாஞ்சுதான் என் மடியில கெடந்தான். அந்த வெடிப்பத்தாம்ல நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஹெப்ரானுக்கு அப்போதுதான் புரிந்தது. பூட்டிக் கிடந்த அந்த அரிசி ஆலை. பதினோராயிரத்தில் ஒன்று. அது எந்த ஊர்ச் சுவர் என்று கோப்பில் எங்கேயும் இல்லை.

"அது பழைய படம் அண்ணாச்சி. சத்தியமா. வருஷக்கணக்காச்சு. அது துரு..."

மகேஷ் கணினியைத் தரையில் இழுத்துப் போட்டு மிதித்தான். மேசைமேல் இருந்த டிஸ்கைக் கீழே வைத்து அம்மிக்கல்லைப் போடுவதுபோல யூபிஎஸ் பெட்டியைத் தூக்கி மூன்று தரம் போட்டான். அதற்குள் இருந்த தட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது. தன்னைக் காப்பாற்றக்கூடிய சாட்சியைத்தான் அவன் நொறுக்குகிறான் என்று ஹெப்ரானுக்குச் சொல்லத் தோன்றியது. சொன்னான். வாய்மேல் அடி விழுந்தது.

"செத்த பொறவு போட்டோ எடுத்திருக்கான்ணே. ரத்தம் காயிறதுக்கு முந்தி. எவனோ அனுப்பியிருக்கான். கைய எடுத்துட்டா பேரு தானா வரும்," என்றான் மகேஷ்.

மணிராஜ் ஹெப்ரானின் இடக்கையை இழுத்து மேசையில் வைத்தான். இந்தத் தடவை அரிவாளைத் திருப்பிப் பிடித்தான். கூர்ப்பக்கம்.

மூன்றாவது பிரதி ஒன்று உண்டு என்று சொல்லலாம். சொன்னால் ஸ்டெபியை இங்கே வரச் சொல்வார்கள். ஹெப்ரான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினான்.

அப்போது அவன் போன் அடித்தது. பதினொரு மணி இடைவேளையில் ஸ்டெபி தினமும் கூப்பிடுவாள். மகேஷ் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். பதிலுக்கு ஹெப்ரானின் முனகல்தான் கேட்டது.

"உன் புருசன் எங்க அண்ணன் செத்த எடத்தப் படம் புடிச்சு வித்திருக்கான்," என்றான் மணிராஜ். "மில்லு சுவரு."

போனில் பிள்ளைகளின் இரைச்சல் தூரப் போயிற்று. பிறகு அவள் குரல் வகுப்பில் பேசுவதுபோல நிதானமாக வந்தது.

"அந்தச் சுவத்த எடுக்கும்போது நான் கூட நின்னேன் அண்ணாச்சி. அந்தப் படம் என்கிட்ட இருக்கு. இருபது நிமிசத்துல கொண்டாரேன். அதுவரைக்கும் அவர தொடாதீய."

"போலீசோட வந்தா கை இருக்காது."

"நான் மட்டும் வாரேன்."

இருபது நிமிடமும் மகேஷ் வாசலில் நின்று தெருவைப் பார்த்தான். ஹெப்ரானின் விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கின. மணிராஜ் அரிவாளை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஸ்டெபி மடிக்கணினியும் டிஸ்குமாக வந்தாள். வாசலில் கணவனின் கையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். 'துரு, ஒழுகல்' என்று தேடினாள். பதினான்கு வந்தது. அதே தொகுப்பின் சைபரைத் திறந்தாள்.

முழுச் சுவர் விரிந்தது. நடுவில் ஸ்டெபியே நின்றாள், கையில் சாம்பல் அட்டை, நிறைமாத வயிறு.

"இந்த வயித்துல இருந்தது இப்ப எல்.கே.ஜி. படிக்கி. அட்டையைப் பாருங்க, சரியான சாம்பல். அப்ப சுவத்துல உள்ளதும் அசல் நிறந்தான். பழுப்பு. மேல இரும்புக் குழாய் தெரியுதா? அதுலேர்ந்து ஒழுகுன துரு."

"ஒட்டுறதுதானண்ணே இவங்க தொழிலே," என்றான் மகேஷ். "பொம்பளைய ஒட்ட முடியாதா? வயித்த ஒட்ட முடியாதா?"

ஸ்டெபி ஹெப்ரானைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தினான். ஒட்ட முடியும் என்பதுதான் உண்மை.

மணிராஜ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவன் படத்தின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாராவது வெட்டி எறிந்திருக்கக்கூடிய ஓரம். அங்கே ஒருவன் பைக்கின்மேல் சாய்ந்து நின்று, படம் எடுப்பவர்களை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அத பெருசாக்கு."

ஸ்டெபி பெரிதாக்கினாள். பாபநாசம். இடது முன்கையில் மூங்கில் பத்தை வைத்து எலும்புக்கட்டு.

"இவனையும் ஒட்டிருப்பான்ணே."

"சும்மா கெடலே." மணிராஜின் குரல் உடைந்திருந்தது. "இந்தக் கட்ட நாலு வருசம் முந்தி நாந்தான் கூட்டிட்டுப் போயிப் போட்டுவிட்டேன். அரிக்குதுன்னு எட்டாம் நாளே அவுத்து ஆத்துல எறிஞ்சுட்டு வந்தான். அவன அந்தக் கோலத்துல ஒருத்தரும் போட்டோ எடுக்கல. வீட்டுல கெடையாது. எங்கேருந்துல எடுத்து ஒட்டுவான்?"

அரிவாள் மேசையில் கிடந்தது. மணிராஜ் திரைக்கு அருகே குனிந்து அண்ணனின் சிரிப்பைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு ஹெப்ரானைப் பார்க்காமலே கேட்டான்: "இத எனக்குத் தருவியா?"

"மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள் ஸ்டெபி.

ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்ல ஹெப்ரான் வாயெடுத்தான். "அரிவாள் பின்பக்கம்," என்று ஸ்டெபி முந்திக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள். இரண்டு பேர்மீதும் வழக்குப் பதிவானது. ஆனால் படத்தை அவள் கொடுத்துவிட்டாள். தன்னையும் சுவரையும் நீக்கி, பாபநாசத்தை மட்டும் கட்டுப்போட்ட கையோடு பிரித்தெடுத்து, ரிச்சர்ட் மூலம் அனுப்பினாள். வானம் எதுவும் வைக்கவில்லை. பின்னால் வெறும் வெள்ளை.

ஹெப்ரானுக்கு மூன்று விரலில் கம்பி வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து, பள்ளிக்கூட அலமாரியிலிருந்து வந்த பிரதியைப் புதுக் கணினியில் ஏற்றினான். ஒவ்வொரு சைபர் படமாகத் திறந்து, இடக்கையால் தட்டுத்தடுமாறி ஊர்ப்பெயரை அடித்தான். முதல் பெயர்: கல்லிடைக்குறிச்சி, ஆற்றுப்பாதை, மூடிய அரிசி ஆலை. அதன்கீழே இன்னொரு வரி: இனி எங்கேயும் போடக் கூடாது.

ஞாபகம் வந்தவை ஆயிரத்துச் சொச்சம்தான். மீதிச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கரிபடிந்த ஒன்று. சுண்ணாம்பு அடித்தும் ஏதோ கறை மேலே வந்த ஒன்று. யார் வீட்டுச் சுவர், அதன் அடியில் பிறகு யார் விழுந்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. 'ஊர் தெரியாதவை' என்று ஒரு கோப்புறை திறந்து எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினான்.

மறுநாள் ரிச்சர்ட் போன் செய்தான். "கல்யாண பேனர் வே. பின்னால பழைய சுவரு ஒண்ணு போட்டா எடுப்பா இருக்கும்."

"கையில இருக்குற சுவரு வேண்டாம்," என்றான் ஹெப்ரான். "மூணு நாள் குடு. புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாரேன். யாரு சுவருன்னு கேட்டுட்டு."