நானூற்று முப்பதும் இருபத்தைந்தும்

ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலை வாங்கித் தந்தவர் குழித்துறைச் சந்தையில் எண்ணெய்க் கடை வைத்திருந்த அண்ணாச்சி. மண்ணெண்ணெய், வண்டி மசகு, மில்லுகளுக்கு மெஷின் எண்ணெய், எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். என் அப்பா புதுக்கடைச் சந்தையில் தேங்காய்ச் சுமை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் கிளாஸ் ஜெயித்துவிட்டுச் சும்மா இருந்தபோது அண்ணாச்சிதான் என்னைக் கடியப்பட்டணத்துக்குக் கூட்டிப் போய் முதலாளி முன்னால் நிறுத்தினார். "இங்கிலீஷ் காயிதம் எது வந்தாலும் பய வாசிச்சிருவான், கேட்டேரா" என்றார். என்னைவிட அவர் முகத்தில்தான் பெருமை அதிகம்.

அது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். முதலாளி கடற்கரைக்காரர், மீன் ஏற்றுமதி செய்கிறவர். கட்டுமரம் கரையேறும் நேரத்துக்கு ஐஸ் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நெய்மீன் ஆனாலும் உரம்தான். எனக்கு ஸ்டோர் ரூம் சாவி தந்தார்கள். வேலை குறைவான மத்தியானங்களில், மெஷினோடு வந்த தடித்த புஸ்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஐஸ் மெஷினின் கம்ப்ரஸருக்கு ஊற்றுகிற எண்ணெய் அதுவரை கொச்சியிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் லாரி வராமல் இரண்டு தடவை மெஷின் நிற்கப் பார்த்தது. இதைக் கேள்விப்பட்ட அண்ணாச்சி ஒரு புதுக் கம்பெனியின் ஏஜென்ஸியைப் பிடித்தார். மற்ற மில்லுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார்கள். ஐஸ் கம்பெனி வாங்கினால்தான் ஏஜென்ஸி நிலைக்கும், இல்லாவிட்டால் கம்பெனிக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். இதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் மாட்டுவண்டியில் ஒரு டிரம்மோடு வந்து இறங்கினார். கையில் கம்பெனிக் காயிதம். கொச்சி எண்ணெயின் காயிதத்தை முதலாளி மேஜையிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

"பிளாஷ் பாயின்ட்டுண்ணு ஒண்ணு இருக்கு பாத்தேரா?" என்றார் அண்ணாச்சி. கம்பெனி ஏஜென்ட் அவருக்கு அதை மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். "எண்ணெய சூடாக்கிட்டே போனா, ஒரு சூட்டில அதுக்க ஆவியில தீயக் காட்டுனா குப்புண்ணு ஒரு தடவை பத்தும். அதாக்கும் இந்தக் கணக்கு. கொச்சிக்காரனுக்கு முன்னூத்தி நாப்பது. நமக்கு நானூத்தி முப்பது. தீ அண்டாது ஓய்!"

முதலாளிக்குத் தீயென்றால் பயம். முந்திய வருஷம்தான் அவருடைய மீன் உலர்த்தும் கொட்டகை எரிந்துபோனது. "அப்பம் இதுதான் நல்லது" என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போலக் காயிதத்தை என் பக்கம் தள்ளினார். "மக்கா, நீ ஒருக்கா பாரு."

பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனால் இரண்டு வரி கீழே போர் பாயின்ட் என்று போட்டிருந்தது. எண்ணெய் குளிர்ந்துகொண்டே போனால் எந்தக் குளிர்வரைக்கும் அது ஓடும் என்கிற கணக்கு. கொச்சி எண்ணெய்க்குப் பூஜ்யத்துக்கும் கீழே இருபது டிகிரி. அண்ணாச்சி எண்ணெய்க்குப் பூஜ்யத்துக்கு மேலே இருபத்தைந்து. எல்லாம் பாரன்ஹீட் கணக்கு, அதில் தண்ணீர் உறைவது முப்பத்திரண்டில்.

நம் ஊரில் எந்த மில்லுக்கும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டியதே இல்லை. மார்கழியில்கூட இங்கே மெஷின் எண்ணெய் உறையாது. ஆனால் நாங்கள் இருந்தது ஐஸ் கம்பெனியில். கம்ப்ரஸரில் ஊற்றுகிற எண்ணெயில் கொஞ்சம், குளிர் உண்டாக்குகிற அமோனியாவோடு தப்பி, ஐஸ் டப்பாக்களை இறக்கிவைக்கிற உப்புவெள்ளத் தொட்டிக்குள் கிடக்கிற குழாய்களுக்குப் போகும். அங்கே அடியில் தங்கும். அதை அடிக்குழாய் திறந்து அவ்வப்போது வடித்து எடுக்க வேண்டும். அந்தக் குழாய்க்குள் குளிர் ஐந்து டிகிரிக்கு இறங்கும். இருபத்தைந்திலேயே நிற்கிற எண்ணெய் அங்கே போனால் வடியாது. உள்பக்கம் முழுக்கப் படிந்து கம்பளி போர்த்தினதுபோல் ஆகிவிடும். குளிர் வெளியே வராது, தொட்டியில் ஐஸ் கட்டாது.

முதலாளி கேட்டார்: "என்னலே, வாயில கொழுக்கட்டையா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம்தான் பேசப்போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சொன்னேன். மெஷினின் சூடான பக்கத்துக்கு முன்னூற்று நாற்பதே போதும், அங்கே சூடு இருநூற்று ஐம்பதைத் தாண்டுவதில்லை, அதற்கு மேல் இருக்கிற எண்ணால் நமக்கு லாபம் ஒன்றுமில்லை. குளிர்ந்த பக்கத்துக்கு இது ஆகாது என்றேன்.

"ஆகாதா? எண்ணெய் எங்கயாவது கட்டியாவுமா?" அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்றே நினைத்தார். "தேங்காண்ணெயாலே இது?"

"பாத்திருவோம்" என்றார் முதலாளி.

இரண்டு சின்னப் பாட்டில்களில் இரண்டு எண்ணெயையும் ஊற்றி, தக்கையை அடைத்து, ஐஸ் டப்பாக்களுக்கு நடுவே உப்புவெள்ளத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். தொட்டியின் தெர்மாமீட்டர் பதினைந்து காட்டியது. காத்திருந்தோம். அண்ணாச்சி வெற்றிலை போட்டார், எனக்கும் நீட்டினார். என் மனம் அப்போது செய்த வேலையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பாட்டில் கட்டியாகக் கூடாது என்று ஒரு மூச்சு வேண்டினேன். அடுத்த மூச்சில், நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று வேண்டினேன்.

வெளியே எடுத்ததும் முதலாளி கொச்சிப் பாட்டிலைச் சாய்த்தார். எண்ணெய் மெதுவாக, ஆனாலும் ஓடியது. அண்ணாச்சி தன் பாட்டிலைத் தானே வாங்கிச் சாய்த்தார். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்படியே நின்றது.

ஐஸ் உடைக்கிறவர்களில் ஒருவன், "அண்ணாச்சி, நெய் எங்க வாங்கினீய? பருப்புக்கு ஒரு கரண்டி விடும்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டு, "விடும் ஓய், ஒரு டிரம்முதான, எல்லாம் சரியாவும்" என்று தோளைத் தட்டினார். டிரம்மை இறக்க வேண்டாம் என்று வண்டிக்காரனிடம் கைகாட்டினார்.

நான் வண்டிவரைக்கும் கூடப் போனேன். அண்ணாச்சி அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டே நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாட்டிலின் வெளிப்பக்கம் வேர்த்து வடிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே எண்ணெய் ஓரமாக நழுவி, பிறகு முழுசாகச் சாய்ந்தது.

"பாத்தியா மக்கா" என்றார். "இப்பம் ஓடுது."

"வெயில்ல ஓடும் அண்ணாச்சி. நெல்லு மில்லு எஞ்சினுக்கு இது நல்ல எண்ணெய். அங்க சூடுதான் கணக்கு, குளிர் இல்ல."

"அது செரி" என்றார். பாட்டிலை வண்டியில் டிரம்மின் ஓரத்தில் ஒருக்களித்து வைத்து, உடையாமல் வைக்கோல் அணைத்தார்.

எண்ணெயை மில்லுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டார். ஏஜென்ஸி மட்டும் அடுத்த மழைக்கு முன்னால் நாகர்கோவில்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. அதை எனக்குச் சொன்னது அப்பா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை உதறினார்.

நான் சொன்னதில் தப்பில்லை. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் கடியப்பட்டணத்து மீன் நாறியிருக்கும். ஆனால் அண்ணாச்சி கடை வழியாகப் போகாமல், ஆற்றங்கரையைச் சுற்றியே பஸ்ஸுக்குப் போய்வந்தேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் அந்தக் கடையிலேயே ஏறிவிட்டேன். யாரோ ஒரு மில்லுக்காரர் ஏதோ எண்ணெய்க் கம்பெனிக் காயிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இந்தா வந்துட்டான்" என்றார். "எண்ணெயப் பத்தி இவன்கிட்ட கேளும். நம்ம பயலாக்கும். நான்தான் வேலைக்குச் சேத்துவிட்டேன். ஆளப் பாத்து மாத்திச் சொல்ல மாட்டான்."

மில்லுக்காரர் காயிதத்தை என்னிடம் நீட்டினார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மழைச்சாரல் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூட்டுக்கான எண், குளிருக்கான எண் இரண்டையும் சத்தமாக வாசித்தேன்.