குங்குமத்துக்குக் கீழே ஓர் எண்

எங்கள் முதலாளிக்குப் பக்தி அதிகம். எங்கள் வீரபாண்டி கம்பெனியில் உடுப்பு வாங்கும் புது பையருக்கு முதல் சாம்பிள் போகிறதென்றால், கூரியர் ரசீது நேராக சாமி படத்துக்கு முன்னால் போய்விடும். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். அதை வாட்ஸப்பிலேயே போட்டோ எடுத்து, சாம்பிள் பொறுப்பில் இருக்கும் எனக்கு அனுப்புவார். அன்றும் அப்படித்தான் செய்தார். குழந்தைகள் உடுப்பு ஆறு, பெங்களூருக்கு.

ஒன்பது நாள் கழித்து பையர் ஆபீஸிலிருந்து போன். சாம்பிள் வரவில்லையாம். நாளைக்குள் கிடைக்காவிட்டால் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். புதிதாகத் தைக்கலாம் என்றால், அந்த நிறத்துத் துணி சாயப்பட்டறையிலிருந்து வரவே பத்து நாளாகும். கூரியர் கடைக்காரரைக் கேட்டேன். பன்னிரண்டு இலக்க எண்ணைச் சொல்லுங்கள், அது இல்லாமல் பார்சலைத் தேட முடியாது என்றார்.

அசல் ரசீதைத் தேடினேன். சூடு பட்டால் கறுத்துப்போகும் வழவழப்புத் தாள் அது. விளக்குக்குப் பக்கத்திலேயே ஒன்பது நாள் இருந்ததில் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. சரி, வாட்ஸப்பில் இருக்குமே என்று திறந்தேன். அங்கேயும் இல்லை.

அங்கே ஏன் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். முதலாளி தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புவார். என் போன் மூச்சுத் திணறியது. ஒருநாள் எரிச்சலில், ஏழு நாளில் செய்திகள் தானாக மறையும்படி அவருடைய சாட்டில் மாற்றிவைத்தேன். ரோஜாவோடு ரசீதும் போய்விட்டது. இரண்டு பேர் போனிலும்தான். இதை எப்படி அவரிடம் சொல்வது? சாம்பிள் பொறுப்பு கைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. முகவரி சரிபார்க்க அந்தப் படத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கியிருந்தேன். சாட்டில் மறைந்தாலும் இறக்கிவைத்தது அப்படியே இருக்கும். பெயரில்லாத முந்நூறு படங்களுக்கு நடுவே ரசீதைக் கண்டுபிடித்தேன். மற்றதெல்லாம் தானாக இறங்கிய ரோஜா.

ரசீது எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டிய வயசு. படத்தை என் போனுக்கு மாற்றி, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து எடுத்துத் தரும் வசதியில் கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் கடை முகவரி, தேதி, எடை எல்லாம் வரிவரியாக வந்து விழுந்தது. எண்ணும் வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். படத்தோடு ஒப்பிட்டேன். ஏழாவது இலக்கத்தின் மேல் சாமி குங்குமம் சப்பென்று உட்கார்ந்திருந்தது. மனுசக் கண்ணுக்கே தெரியாததை மெஷின் எப்படிப் படிக்கும்? அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானுங்களே தெரியல? பூஜ்யத்துல இருந்து ஒம்பது வரைக்கும் போட்டுப் பாத்துப் போடலாமுங்க. மொதல்ல ஒம்பது போடுங்க அம்மிணி, நம்ம ராசி."

கூரியர் தளத்தில் ஒன்பதைப் போட்டேன். அப்படி எண் இல்லை என்றது. அவர் சொன்ன வரிசையிலேயே ஆறு, ஒன்று, ஐந்து என்று போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றுக்கு யாருடைய பார்சலோ நாக்பூரில் இருந்தது. கடைசியில் எட்டுதான் மிச்சம்.

"எட்டு வேண்டாமுங்க, ஆகாது" என்றார்.

சாம்பிள் தைத்த திருநெல்வேலி அக்கா மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "நல்லா இருக்கே. எட்டு என்ன, கடிக்கவா செய்யும்? போடச் சொல்லுங்க சார்."

முதலாளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள, நான் எட்டைப் போட்டேன். பெங்களூர், பையர் ஆபீஸ் முகவரி. நான்கு நாளைக்கு முன்பே செக்யூரிட்டி வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார். உடனே போன் செய்தோம். பார்சல் வாசல் மேசைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்ததாம். மன்னிப்பெல்லாம் கேட்டார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனியும் மறைத்தால் சோறு இறங்காது என்று, "சாட் தானா அழியலீங்க சார், நான்தான் அழியற மாதிரி மாத்தி வெச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அது எனக்குத் தெரியுமுங்க அம்மிணி" என்றார், சாவகாசமாக. "நீங்க மாத்துன அன்னைக்கே எம்பட போன்ல உங்க பேர் போட்டே வந்துச்சு. எம்பட ரோஜா உங்களுக்குத் தொந்தரவுன்னு வெளங்குச்சு. செரி, ஏழு நாளாச்சும் வெச்சிருக்கறாங்களேன்னு அனுப்பிட்டு இருந்தேனுங்க."