அட்டவணையில் இல்லாத பாலம்

டோரதியின் மகள் மோனிக்காவுக்கு இந்த வருடம் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை. தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் ஹாக்கிக் குழுவில் கோல்கீப்பர் வேறு. கடலுக்கு இக்கரையில், செபராங் ஜெயா வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் டோரதி அட்டவணை ஒட்டியிருந்தாள். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து முதல் ஏழு வரை பயிற்சி, எட்டு முதல் பத்து வரை படிப்பு. செவ்வாய், வியாழன் டியூஷன். சனி காலை ஆட்டம், மதியம் பழைய வினாத்தாள். ஞாயிறு காலை சர்ச்சில் பூசை, பிறகு ஓய்வு.

தீவிலிருந்து திரும்பும் பினாங்கு பாலத்து வாகன ஜேம் மட்டும் அதில் இல்லை. வீடு சேரவே எட்டரை ஆகிவிடும். மோனிக்கா கணக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவாள்.

அன்றும் கார் பாலத்தில் நின்றது. ஞாயிறு மாலையும் பயிற்சி என்று கோச் செய்தி அனுப்பியிருந்தார்.

"சரின்னு சொல்லிடுங்கம்மா," என்றாள் மோனிக்கா, கண்ணைத் திறக்காமல்.

பிறை ஊர்த் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற கால் டோரதிக்கு வலித்தது. போனில் குரல் செய்தியாகப் பேசி கோச்சுக்கு அனுப்பினாள்: "ஞாயிறு வரமாட்டா, கோச். பரீட்சை முடியும்வரை புதனும் வரமாட்டா. டீமை விட்டு எடுக்கணும்னா எடுத்துடுங்க."

கார் நகரவில்லை. கோச்சின் பதில் வந்தது.

"சரிக்கா. மத்த அம்மாமாரையும் இப்படியே சொல்லச் சொல்லுங்க லா. நானும் ஒரு ஞாயிறு தூங்கணும்."